மலிவு ஷூவா, உழைக்கிற ஷூவா: "ஒரு தடவைக்கு எவ்வளவு"ன்னு கணக்கு போடுறது எப்படி

"கொஞ்சம் காசு கூடப் போனாலும் பரவால்ல, நல்லதா ஒன்னு வாங்கிட்டா வருஷக்கணக்கா உழைக்கும், ஒரு தடவைக்குன்னு பார்த்தா ஒன்னுமே இல்ல." இத சொல்லாதவங்க யாருமே இருக்க மாட்டோம். நானும் சொல்லியிருக்கேன், சொல்லிட்டு ஒரு ஜோடி ஷூவ நாலு மடங்கு விலை கொடுத்து வாங்கியும் இருக்கேன். ஆனா இத சொல்ற பத்து பேர்ல ஒன்பது பேர் கணக்கு எதுவும் போடுறதில்ல, வாங்கணும்னு ஏற்கெனவே மனசுல முடிவு பண்ணிட்டு அதுக்கு ஒரு காரணமாத்தான் இத சொல்றோம். எதிர்ப்பக்கம் நிக்கிறவங்களும் அப்படித்தான், "எதுவா இருந்தாலும் தேயத்தான் போகுது, சீப்பா வாங்கு"ன்னு ஒரே வரில முடிச்சிடுறாங்க. ரெண்டு பக்கமும் போடாத அந்தக் கணக்க இங்க ஷூவ வெச்சு முழுசா போட்டுப் பார்க்கலாம். ஷூ எதுக்குன்னா மலிவானதுக்கும் உழைக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் அதுல கண்ணால பார்க்கிற மாதிரி இருக்கும், எல்லாருக்கும் தேய்ச்ச அனுபவமும் இருக்கு.

## பாஸ் எடுக்கிறவங்க போடுற கணக்கு

இது புதுசு எல்லாம் இல்ல. பஸ்ல தினமும் போறவங்க மாசப் பாஸ் எடுக்கலாமா, டிக்கெட் டிக்கெட்டா வாங்கலாமான்னு யோசிப்பாங்கல்ல, அதேதான். பாஸ் விலை 20 டிக்கெட் விலைன்னு வைங்க. மாசத்துல 40 தடவை போனா ஒரு தடவைக்கு அரை டிக்கெட் காசுதான் ஆகுது, 10 தடவைதான் போனோம்னா ஒரு தடவைக்கு ரெண்டு டிக்கெட் காசு. பாஸ் ஒன்னுதான், விலையும் ஒன்னுதான், லாபமா நட்டமாங்கிறத முடிவு பண்றது நாம எத்தன தடவை ஏறுறோம்ங்கிறதுதான்.

இதத்தான் ஒரு தடவைக்கான செலவுன்னு சொல்றோம், இங்கிலீஷ்ல காஸ்ட் பர் யூஸ். ஒரு பொருளுக்கு மொத்தமா எவ்வளவு போட்டோமோ அத, அத எத்தன தடவை பயன்படுத்தினோமோ அதால வகுத்தா வர்ற நம்பர். மேல நிக்கிறது மொத்த செலவு, கீழ நிக்கிறது தடவை. சின்னப் பசங்க கணக்குதான். அப்புறம் எங்க தப்பு நடக்குதுன்னா, மேல வெறும் பில் தொகைய மட்டும் போடுறோம், கீழ ஆசைப்படுற நம்பர போடுறோம்.

## கீழ இருக்கிற நம்பர் எங்கேருந்து வருது

ஒரு ஷூ எத்தன நாள் கால்ல இருக்கும்ங்கிறதுக்கு மூணு எல்லை இருக்கு. இந்த மூணையும் பிரிச்சுப் பார்க்காததுதான் பெரிய குழப்பத்துக்குக் காரணம்னு நான் நினைக்கிறேன்.

முதல்ல தேய்மானம். நடக்க நடக்க சோல் தேயும், மடியிற இடத்துல தோல் வெடிக்கும். இது பயன்படுத்தினா மட்டும் நடக்கிறது.

ரெண்டாவது வயசு. போட்டாலும் போடாட்டியும் பொருள் உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டே இருக்கும், பசை காய்ஞ்சு விட்டுப்போகும், ரப்பர் இறுகும். இது காலண்டர் கணக்கு, நடந்த தூரத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

மூணாவது நாம. கால் அளவு மாறுது, வேலை மாறுது, அந்த ஷூ பிடிக்காமப் போகுது, இல்ல முதல் நாள்லேருந்தே குதிகால்ல கடிக்குது அதனால போடுறதே இல்ல.

இந்த மூணுல எது முதல்ல வருதோ அதுதான் உண்மையான எண்ணிக்கை. மத்த ரெண்டும் எவ்வளவு பெருசா இருந்தாலும் பிரயோஜனம் கிடையாது. "1,000 நாள் தாங்கும்"னு கடைக்காரர் சொல்றது தேய்மான எல்லைய மட்டும்தான், நாம வருஷத்துக்கு 20 நாள் போடுற ஆளுன்னா அந்த ஆயிரம் நமக்கு வரவே வராது.

இதுவரைக்கும் சொன்னத ஒரு மூச்சுல சொன்னா: மொத்த செலவ தடவையால வகுக்கணும், அந்தத் தடவைங்கிறது தேய்மானம், வயசு, நம்ம பழக்கம் இந்த மூணுல சின்னது.

## நல்ல ஷூ ஏன் உழைக்குது

இங்க கொஞ்சம் நின்னு பார்க்கணும், ஏன்னா "தரமானது அதனால உழைக்குது"ன்னு சொன்னா அது விளக்கமே இல்ல.

மலிவு ஷூவ எடுத்தா மேல்பாகத்தையும் அடில இருக்கிற சோலையும் பசை வெச்சு ஒட்டியிருப்பாங்க, பேஸ்டிங்னு சொல்றது. நடக்கும்போது முன்பாதம் மடியிற இடத்துல அந்தப் பசை தினமும் ஆயிரக்கணக்கான தடவை வளையுது, ஒரு கட்டத்துல வாய் பிளக்குது. அப்படியே பசை தாக்குப்பிடிச்சாலும் சோல் தேயும். தேய்ஞ்சா புது சோல் போடுறது கஷ்டம், பழசப் பிரிக்கும்போது மேல்பாகம் கிழியும், அதுவும் பெரும்பாலும் ரெசின் பூசின மெல்லிசான தோலா இருக்கும், சோல் போற நேரத்துல அதுவும் வெடிச்சிருக்கும். அதனால மொத்தமா தூக்கிப் போடுறோம்.

உழைக்கிற ஷூன்னு சொல்றதுல மேல்தோலோட கீழ் விளிம்பச் சுத்தி ஒரு தோல் பட்டை ஓடும், அதுக்குப் பேரு வெல்ட். மேல்தோலும் உள்சோலும் இந்தப் பட்டையோட ஒரு தையலா சேரும், கீழ இருக்கிற சோல் இன்னொரு தனித் தையலா அதே பட்டையில சேரும். இந்த ரெண்டாவது தையல்தான் விஷயமே. அத அறுத்து எடுத்தா சோல் மட்டும் கழண்டு வந்துரும், மேல்தோல் மேல கையே படாது, அதே பட்டையில புது சோலத் தைச்சுக்கலாம். 1870-கள்ல சார்லஸ் குட்இயர் ஜூனியர் இந்தத் தையலுக்கான மெஷின மேம்படுத்தி பரவலாக்கினதால இதுக்கு குட்இயர் வெல்ட்னு பேரு. ரப்பர சூடாக்கி உறுதியாக்குற வல்கனைஸ் முறைக்கு பேட்டன்ட் வாங்கின குட்இயரோட பையன்தான் இவரு.

கவனிச்சீங்களா, அந்த சோல் மட்டும் ஒன்னும் மந்திர சோல் இல்ல, அதுவும் தேயத்தான் செய்யுது. அந்த ஷூவோட உழைப்பு அத மாத்த முடியும்ங்கிறதுலதான் இருக்கு. இது கணக்குல எவ்வளவு பெரிய வித்தியாசத்த கொண்டு வருதுன்னு இப்பப் பாருங்க.

## கணக்க முழுசா போட்டுப் பார்ப்போம்

எந்தக் காசா வேணா வெச்சுக்கோங்க. மலிவு ஷூ 100. உழைக்கிற ஷூ 400. இது புரிஞ்சுக்கிறதுக்காக நான் எடுத்துக்கிட்ட நம்பர்கள், உங்க கடை விலையும் உங்க அனுபவமும் வேற மாதிரி இருந்தா அத மாத்திப் போட்டுக்கோங்க, முறை ஒன்னுதான்.

மலிவு ஷூ 150 நாள் போட்டதும் போயிடுதுன்னு வைங்க. 100-ஐ 150-ஆல வகுத்தா ஒரு நாளைக்கு 0.67.

நல்ல ஷூவோட முதல் சோல் 400 நாள் வருது. இதோட நிறுத்திட்டு கணக்கு போட்டா 400-ஐ 400-ஆல வகுக்கணும், ஒரு நாளைக்கு 1. அதாவது மலிவு ஷூவ விட ஒன்றரை மடங்கு! நாலு மடங்கு விலை கொடுத்தோம், ரெண்டே முக்கால் மடங்குக்குக் கொஞ்சம் கீழதான் உழைச்சுது, அப்ப நட்டம்தானே. சோல் தேய்ஞ்சதும் நல்ல ஷூவத் தூக்கிப் போடுற ஒவ்வொருத்தரும் இந்த நட்டத்தப் பாக்குறாங்க, ஆனா "தரமானது வாங்கினேன்"ங்கிற திருப்தில அது தெரியிறதில்ல.

இப்ப சோல் மாத்துறோம். அதுக்கு 120 ஆகுது, இன்னொரு 400 நாள் வருது. மொத்த செலவு 520, மொத்தம் 800 நாள், ஒரு நாளைக்கு 0.65. மலிவு ஷூவோட கிட்டத்தட்ட சமமா வந்து நிக்குது, அவ்வளவுதான். இன்னொரு தடவை மாத்தினா செலவு 640, நாள் 1,200, ஒரு நாளைக்கு 0.53. இப்பதான் உண்மையான லாபம்.

அதனால மேல இருக்கிற மொத்த செலவுங்கிறதுல பில் தொகை மட்டும் வராது, ரிப்பேர் காசும் வரணும். பாலிஷ், கிரீம் எல்லாம் சின்ன செலவு, ஆனா நீங்க அதுக்கு நிறைய வாங்குற ஆளுன்னா அதையும் சேருங்க.

## எந்த நாள்லேருந்து லாபம்

சராசரி நம்பர் ஒரு விஷயத்த மறைச்சிடும், காசு எப்போ கையை விட்டுப் போகுதுங்கிறத. அதுக்கு ரெண்டு பக்கமும் அதுவரைக்கும் போட்ட மொத்தத்த நாள் வாரியா எழுதணும். ரெண்டு மொத்தமும் சமமாகிற இடத்துக்குப் பேரு சமப்புள்ளி.

மலிவு ஷூ பக்கம் முதல் நாள் 100, 151-வது நாள் ரெண்டாவது ஜோடி வாங்கும்போது 200, 301-ல 300, இப்படி ஒவ்வொரு 150 நாளுக்கும் ஒரு நூறு ஏறும். நல்ல ஷூ பக்கம் முதல் நாளே 400, 401-வது நாள் சோல் மாத்தும்போது 520, 801-ல 640.

முதல் 750 நாள் முழுக்க மலிவு ஷூ போடுறவர்தான் கம்மியா செலவு பண்ணியிருப்பாரு. 751-வது நாள் அவர் ஆறாவது ஜோடி வாங்குறாரு, அவரோட மொத்தம் 600, நல்ல ஷூக்காரர் 520-ல நிக்கிறாரு, முதல் தடவையா முந்துறாரு. ஆனா 801-ல ரெண்டாவது சோல் போட்டதும் அவரு 640-க்குப் போயிடுறாரு, மறுபடி பின்னாடி. 901-வது நாள் மலிவுக்காரர் ஏழாவது ஜோடி வாங்கி 700 ஆனதுக்கு அப்புறம்தான் நல்ல ஷூ நிரந்தரமா முந்துது. வருஷத்துக்கு 250 நாள் ஷூ போடுற வேலைன்னா இது நாலாவது வருஷத்தோட நடுவுல வருது. 1,200-வது நாள் முடியும்போது ஒருத்தர் 800 செலவு பண்ணியிருப்பாரு, இன்னொருத்தர் 640. கிட்டத்தட்ட அஞ்சு வருஷத்துல மிச்சம் 160.

நான் இத முதல் தடவை பேப்பர்ல எழுதினப்போ எனக்கே ஏமாத்தமா இருந்துச்சு, இவ்வளவுதானான்னு. லாபம் இருக்கு, ஆனா ஊர்ல பேசிக்கிற அளவு இல்ல, அதுவும் மூன்றரை வருஷம் காத்திருந்து கிடைக்கிறது. சோல் மாத்துற கூலி 120-க்கு பதிலா 200-ஆ இருந்தா? 400 கூட ரெண்டு இருநூறு, மொத்தம் 800. மிச்சம் பூஜ்யம். இதனாலதான் நல்ல ஷூ வாங்குறதுக்கு முன்னாடி விசாரிக்க வேண்டிய முதல் விலை சோல் மாத்துற விலைன்னு நான் சொல்வேன், அத மாத்தித் தர்ற ஆள் எட்டுற தூரத்துல இருக்காரான்னும் பார்க்கணும். ஆள் இல்லன்னா அது ஒரு நாளைக்கு 1 ஆகுற ஷூதான்.

சுருக்கமா, வாங்குற விலைல நாலு மடங்கு வித்தியாசம் இருக்கிற ஷூ ரிப்பேர் பண்ணாம ஜெயிக்காது, ரிப்பேர் பண்ணினாலும் நிறைய நாள் போடுறவருக்குத்தான் ஜெயிக்கும்.

## எப்பவாவது போடுறவங்களுக்கு

விசேஷத்துக்கு, இன்டர்வியூவுக்குன்னு வருஷத்துக்கு 20 நாள் மட்டும் போடுறீங்கன்னா 1,200 நாள் முடிய 60 வருஷம் ஆகும். அதுக்குள்ள வயசு எல்லை வந்துரும், இல்ல நம்ம எல்லை வந்துரும். பத்து வருஷம் வெச்சிருப்பீங்கன்னு எடுத்துக்குவோம், அப்ப 200 நாள், 400-ஐ 200-ஆல வகுத்தா 2. மலிவு ஷூ தேயவே இல்லாட்டியும் பசை காய்ஞ்சு நாலு வருஷத்துக்கு ஒன்னு மாத்த வேண்டியிருக்குன்னே வைங்க, பத்து வருஷத்துல மூணு ஜோடி, 300-ஐ 200-ஆல வகுத்தா 1.5. மலிவுதான் ஜெயிக்குது. எப்பவாவதுதானே போடுறோம், நல்லதாவே ஒன்னு இருக்கட்டும்னு நாம பண்றது கணக்குப்படி தலைகீழ். பார்க்க நல்லா இருக்கணும்னு வாங்குறது தப்பில்ல, அது ஆசை, அதுக்கு ஒரு தடவைக்கான செலவுன்னு பேர் வைக்கக் கூடாது.

இந்த வயசு எல்லைய நான் கண்ணால பார்த்திருக்கேன். நல்ல விலை கொடுத்து ஒரு மலையேற்ற ஷூ வாங்கி நாலஞ்சு தடவை போட்டுட்டு, வீணாகக் கூடாதுன்னு பெட்டில பத்திரமா வெச்சிருந்தேன். சில வருஷம் கழிச்சு எடுத்து மாட்டிக்கிட்டு கிளம்பினேன், வாசல் தாண்டி கொஞ்ச தூரம் கூடப் போயிருக்க மாட்டேன், காலுக்குக் கீழ என்னமோ மெத்துன்னு நசுங்குது. திரும்பிப் பார்த்தா வந்த வழியெல்லாம் பழைய பிஸ்கட் மாதிரி துண்டு துண்டா உதிர்ந்து கிடக்கு. மேல்தோல் புதுசு மாதிரி, அடி ரப்பர்ல கோடு கூட அழியல, நடுவுல மெத்தைக்கு வெச்ச பாலியூரித்தேன் மட்டும் மாவாப் போயிருந்துச்சு. காத்துல இருக்கிற ஈரம் அந்தப் பொருளோட கட்டுமானத்த மெதுவா உடைக்கும், இதுக்கு ஹைட்ராலிசிஸ்னு பேரு, ஈரமும் சூடும் இருக்கிற இடத்துல வேகமா நடக்கும். போடாம வெச்சதால ஒரு நாள் கூட மிச்சமாகல. அந்த ஷூவோட விலைய அஞ்சால வகுத்துப் பார்த்த நம்பர இன்னும் மறக்கல.

வீட்டு உபயோக டிரில் மெஷினுக்கும் இதே நியாயம். வருஷத்துக்கு நாலு ஓட்டை போடுற வீட்டுல மோட்டார் தேயுற வரைக்கும் யாரும் ஓட்டப் போறதில்ல, ஒயர் வெச்ச சாதா மெஷின் போதும். பேட்டரி வெச்சதுன்னா லித்தியம் பேட்டரி அலமாரில சும்மா இருந்தாலும் வயசாகி சார்ஜ் பிடிக்கிறது குறையும், விலை கூடின மெஷின்லயும் அப்படித்தான்.

## கடைல நின்னு என்ன பார்க்கணும்

விலை கூடினதெல்லாம் வெல்ட் ஷூ கிடையாது, இதுலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. விளிம்புல அழகா தையல் ஓடும், ஆனா அது அலங்காரத்துக்கு, கீழ வெறும் பேஸ்டிங். ஷூவத் திருப்பி அடில பாருங்க, சோல்ல ஒரு பள்ளக் கோட்டுல தையல் நூல் ஓடுதான்னு. சில சோல்ல அந்தப் பள்ளத்த மூடிடுவாங்க, அதனால தெரியலன்னா கேளுங்க, "இதுக்கு சோல் மாத்தித் தருவீங்களா, எவ்வளவு ஆகும்"னு. நேரா பதில் வரலன்னா அந்த 400-க்கு ஒரே ஒரு சோலோட ஆயுள்தான்னு வெச்சு கணக்கு போடுங்க.

வாங்கினதுக்கு அப்புறம் ரெண்டு விஷயம் நம்பர மாத்தும். ஒன்னு, தினமும் அதையே போடாம ஒரு நாள் விட்டுப் போடுறது. உள்ள ஊறின வியர்வை ஒரு ராத்திரில முழுசா காயாது, ஈரத்தோடயே வளைஞ்சுக்கிட்டே இருந்தா தோல் சீக்கிரம் வெடிக்கும், தோல் வெடிச்சா அப்புறம் எத்தன சோல் மாத்தினாலும் பிரயோஜனமில்ல. இன்னொன்னு, சோல நேரத்துக்கு மாத்துறது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவோமேன்னு விட்டா தேய்மானம் சோலத் தாண்டி அந்த வெல்ட் பட்டையையே தொட்டுரும், அப்புறம் பட்டையையும் சேர்த்து மாத்தணும், கூலி எகிறும், மேல போட்ட 120 அங்கேயே பொய்யாகிடும். சோல்ல முன்பாதம் படுற இடத்துல நடுவுல கட்டை விரலால அழுத்திப் பாருங்க, மெல்லிசா உள்ள போற மாதிரி இருந்தா நேரம் வந்துருச்சுன்னு அர்த்தம். குதிகால்ல கடைசியா ஒட்டியிருக்கிற ரப்பர் துண்டும் அப்படித்தான், அது தேயும்போதே மாத்தினா சின்ன செலவு, அதத் தாண்டி ஹீலோட அடுக்கு தேய்ஞ்சா பெரிய செலவு.

எத்தன நாள் போடுவோம்னு தெரியலன்னா? முதல் ஜோடிய மலிவா வாங்கி அது போற வரைக்கும் எத்தன நாள் போட்டோம், எத்தன மாசத்துல போட்டோம்னு குறிச்சுக்கிட்டா போதும். ஆறேழு மாசத்துல 150 நாள் தேய்ச்சுட்டீங்கன்னா நீங்க நல்ல ஷூ வாங்குற ஆளு. ரெண்டு வருஷமாகியும் புதுசா இருக்குன்னா அதையே போட்டுக்கிட்டு இருங்க.

நான் ஷூவோட நாக்குக்குப் பின்னாடி வாங்கின தேதிய பேனாவால எழுதி வெச்சிடுறேன், சோல் மாத்தினா அந்தத் தேதியும் அதுக்குக் கீழ. வாரத்துக்கு இத்தன நாள்னு பெருக்கினா போட்ட நாள் கிடைச்சிடும். இப்ப கால்ல இருக்கிறதுல ரெண்டு தேதி இருக்கு, உத்தேசமா 530-வது நாள் ஓடிக்கிட்டு இருக்கு, அதாவது மலிவு ஷூ போடுறவர் இன்னும் எனக்கு முன்னாடிதான் இருக்காரு.